இரவுக்கு யார் எழும்புவது? – நான்கு பிள்ளைகள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாக நடைபெற்ற ஞாயிறு ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



நாங்கள் மூவர் உடன்பிறந்தவர்கள். மூவரும் இந்தப் பாடசாலையில்தான் பாலர் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை படித்தோம். மூத்தவள் ஊரில் ஆசிரியை. நடுவிலாள் வெள்ளவத்தையில் குடும்பத்தோடு இருந்து ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். கடைசியாள் லண்டனில். எங்களுக்கு ஒரு சகோதரர், மூத்தவளுக்குத் தம்பி, மற்ற இருவருக்கும் அண்ணா. அவர் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறார். இந்தப் பேச்சை மூவருமாக எழுதினோம். நடுவிலாள் வாசிக்கிறாள். மூத்தவள் இன்று வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை அவளுடைய முறை.

தாய் தகப்பனைப் பார்க்கிற செலவையும் வேலையையும் பிள்ளைகள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டார். இதைப் பற்றிப் பொதுவாகப் பேச எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்லலாம், கணக்கோடு சொல்லலாம்.

அப்பாவுக்கு 84 வயது. தபால் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாரிசவாதம் வந்து வலது பக்கம் இயங்காமல் போனது. பேச்சு மெதுவாகத்தான் வரும், ஆனால் மனம் தெளிவு. அம்மாவுக்கு 79. சீனி வருத்தமும் பிறசரும் உண்டு, நடமாடுவார், சமையலில் கை கொடுப்பார். இருவரும் ஊர் வீட்டில் மூத்தவளோடும் அத்தானோடும் இருக்கிறார்கள். அந்த வீடு மூத்தவளுக்குச் சீதனமாக எழுதிய வீடு. இந்த வீட்டுக் கதைக்குப் பிறகு வருகிறோம், ஏனென்றால் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

அப்பா வைத்தியசாலையால் வந்த மூன்றாவது கிழமை நாங்கள் நால்வரும் வாட்ஸ்அப்பில் முதன்முதலாக ஒழுங்கான ஒரு கூட்டம் வைத்தோம். ஞாயிறு பின்னேரம் இங்கே ஆறரை என்றால், கோடை காலத்தில் லண்டனில் பிற்பகல் இரண்டு, ஸ்காபரோவில் காலை ஒன்பது. ஒருவரும் நித்திரைத் தூக்கத்தில் பேசவேண்டியதில்லை. சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் வெளிநாட்டில் இருப்பவர் இரவு பன்னிரண்டு மணிக்குக் களைத்துப்போய்ப் பேசினால் கதை எங்கே போய் முடியும் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

எல்லாக் குடும்பத்திலும் முதலில் கேட்கப்படும் கேள்வி, "மாதம் எவ்வளவு அனுப்ப வேணும்?" என்பது. மூத்தவள் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. "இரண்டு கிழமை தாங்கோ, எழுதிக் காட்டுறன்" என்றாள். ஒரு நாற்பது பக்கக் கொப்பி எடுத்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் யார் எந்த நேரத்தில் என்ன செய்தது என்று எழுதினாள். செலவு ஒரு பக்கம், நேரம் மற்றப் பக்கம். ஏற்பாடு முழுவதும் அந்த நேரப் பக்கத்தில் இருந்துதான் வந்தது.

ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். ஊரில் ஒரு அம்மாவைப் பகல் உதவிக்கு வைத்திருந்தோம். காலை ஏழு மணிக்கு வந்து பின்னேரம் ஐந்துக்குப் போவார், ஞாயிறு லீவு. ஆறு நாளுக்கு 60 மணித்தியாலம். மிச்சம் 108. அந்த 108-உம் மூத்தவளின் பக்கத்தில் இருந்தது. அம்மாவும் அத்தானும் கை கொடுப்பார்கள், ஆனால் அப்பாவைத் தூக்கவோ திருப்பவோ அம்மாவால் முடியாது, அத்தானுக்கு நாரி நோ. அந்த 108-இல் இரவு பத்து முதல் காலை ஆறு வரை மட்டும் 56 மணித்தியாலம். இரவு என்றால் படுத்துத்தானே கிடப்பார் என்று நினைக்கலாம். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்று தாதி சொல்லித்தான் அனுப்பினார். இல்லாவிட்டால் குண்டிப் பக்கத்திலும் குதிக்காலிலும் புண் வரும். ஆகவே பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு மூத்தவள் எழும்ப வேண்டும். காலை ஏழேகாலுக்குப் பாடசாலைக்கு வெளிக்கிட வேண்டும்.

கொப்பியின் படங்களைக் குழுவில் போட்டபோது ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நாள் அண்ணா போன் எடுத்து, "அக்கா, நீங்கள் எப்ப படுக்கிறனீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

சில குடும்பங்களில் இந்த இடத்தில் வேறொரு யோசனை வரும். ஊரில் இருக்கும் பெண் பிள்ளை வேலையை விட்டுவிட்டால் ஆள் வைக்கத் தேவையில்லையே என்று. எங்கள் உறவில் ஒருவரும் அப்படிச் சொன்னார். மூத்தவளுக்கு அறுபது வயதாக இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அவளுடைய சம்பளம், பகல் உதவிக்குக் கொடுக்கும் 45,000 ரூபாவைவிடக் கூட. வேலையை விட்டாலும் இரவு எழும்புவது குறையப்போவதில்லை, பகலும் சேர்ந்துவிடும். ஐந்து நிமிடத்தில் அந்தக் கதையை முடித்துவிட்டோம்.

இனிக் காசுப் பக்கம். அந்த நேரத்து மாதக் கணக்கு இது. பகல் உதவிக்கு 45,000. பம்பர்ஸ் நாளுக்கு மூன்று, மாதம் தொண்ணூறு, ஒன்று 180 படி 16,200. மருந்து பெரும்பாலும் அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும், அங்கே இல்லாததை வெளியே வாங்க 9,000. சாப்பாடு, காஸ், கரண்ட் என்று இருவருக்குமான பங்கு 30,000. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் இயன்மருத்துவருக்குக் கிழமைக்கு ஒரு தடவை, மாதம் 8,000. கிளினிக்குக்கு வான், ஓட்டோ 4,000. கூட்டினால் 112,200. அப்பாவின் ஓய்வூதியம் 38,000 அதில் கழியும். மிச்சம் 74,200, எழுபத்தையாயிரம் என்று வைத்தோம். அதோடு எதிர்பாராத செலவுக்கு மாதம் 15,000 ஒதுக்க வேண்டும் என்று நடுவிலாள் சொன்னாள். ஆகவே 90,000.

நாலு பேர், 90,000. ஆளுக்கு 22,500 என்று பிரிப்பது சுலபம். நியாயம்போலவும் தோன்றும். மூத்தவளும் "சரி, நானும் என்ர பங்கைப் போடுறன்" என்றாள். அண்ணாதான் மறுத்தார். அவர் சொன்ன வழி எங்களுக்குப் பிடித்துக்கொண்டது. இரவுக்கு வெளியாள் வைத்தால் ஊரில் என்ன கேட்பார்கள் என்று விசாரித்தோம். ஓர் இரவுக்கு 1,500 என்றார்கள். முப்பது இரவுக்கு 45,000. இந்த 45,000-ஐயும் செலவாக எழுதினோம், ஆனால் அதைச் செலுத்தியவர் மூத்தவள் என்று எழுதினோம். இப்போது முழுச் செலவு 135,000. நாலு பங்காக்கினால் ஒருவருக்கு 33,750. மூத்தவள் தன் பங்குக்கு மேலாக 11,250 ரூபா ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று கணக்குச் சொன்னது. அவள் காசு போடத் தேவையில்லை. போடவும் கூடாது என்று முடிவு செய்தோம்.

அந்த மேலதிக 11,250-ஐக் காசாகக் கொடுக்கலாம் என்று கடைசியாள் கேட்டபோது மூத்தவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறதுக்கு நான் உங்களிட்டக் கூலி வாங்கவோ?" அந்தக் கோபம் நியாயமானது. இரவுகளுக்கு விலை போட்டது ஒரு கணக்குக்காகத்தான், அவளுக்குச் சம்பளம் நிர்ணயிக்க அல்ல. ஆகவே அந்தக் கடனை ஓய்வு நாட்களாகக் கொடுப்பதென்று பேசினோம். ஓகஸ்ட் மாதம் லண்டனில் பாடசாலை விடுமுறை, கடைசியாள் மூன்று கிழமை வந்து நிற்பாள். தை மாதத்தில் அண்ணா இரண்டு கிழமை. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனி ஞாயிறு நடுவிலாள் வெள்ளி இரவு பஸ்ஸில் வந்து, சனி இரவையும் உதவியம்மா வராத ஞாயிறு முழு நாளையும் எடுத்துக்கொண்டு, ஞாயிறு இரவு பஸ்ஸில் திரும்புவாள். வருகிறவர் விருந்தாளியாக வரக்கூடாது என்பது நிபந்தனை. அண்ணா முதல் தடவை வந்த அன்று ஊரார் எல்லோரும் பார்க்க வந்துவிட்டார்கள், மூத்தவளுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற வேலைதான் கூடியது. இரண்டாம் நாள் அண்ணா படலையைப் பூட்டிவிட்டார்.

மற்ற மூவரும் 90,000-ஐ எப்படிப் பிரிப்பது? இங்கே சம்பளத்தைக் கேட்கத் தொடங்கினால் உறவு போய்விடும். கனடாவில் இவ்வளவு உழைக்கிறார் என்று இங்கிருந்து நாங்கள் கணக்குப் போடுவோம், அங்கே வீட்டுக் கடன் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது. அண்ணியின் தாய் தகப்பனும் அவர்களோடுதான் இருக்கிறார்கள். நடுவிலாளின் வீட்டில் மாமியார் இருக்கிறார், இரண்டு பிள்ளைகளுக்கு உயர்தர ரியூசன். ஆகவே சம்பளத்தைக் கேட்காமல் ஒரு வழி செய்தோம். எங்கள் மாமியின் மகள், கணக்குப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எங்கள் எல்லோருக்கும் மச்சாள் முறை. மாதாமாதம் தவறாமல் கொடுக்கக்கூடிய ஆகக் கூடிய தொகையை மூவரும் தனித்தனியாக அவருக்கு எழுதி அனுப்பினோம். வீட்டில் கணவனோடு, மனைவியோடு பேசி, மாமன் மாமி செலவையும் கழித்துவிட்டு எழுத வேண்டும். அண்ணா 50,000 எழுதினார். கடைசியாள் 45,000. நடுவிலாள் 12,000. கூட்டுத்தொகை 107,000. தேவை 90,000-தான். மச்சாள் 40,000, 40,000, 10,000 என்று குறைத்துக் கொடுத்தார். ஒருவரும் தன் எல்லைக்குப் போகவில்லை, இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. அந்த இடம் பிறகு உதவியது.

நடுவிலாள் காசில் குறைவாகப் போடுவதை ஈடுசெய்ய மாதாந்த வருகையும், பேப்பர் வேலைகளும் அவளுக்கு. அப்பாவின் ஓய்வூதியத்துக்கு வருடாவருடம் கிராம அலுவலரிடம் உயிர்வாழ் சான்றிதழ் எடுக்க வேண்டும், ஒரு வருடம் தவறினாலும் காசு நின்றுவிடும். அப்பா வங்கிக்குப் போக முடியாதபடியால் முகாமையாளரோடு கதைத்து அதற்கான கடிதம் எழுதுவித்தது அவள். கிளினிக் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து வைப்பதும் அவள். பராமரிப்புக் காசுக்கு மூத்தவள், நடுவிலாள் இருவர் பெயரிலும் தனிக் கணக்குத் திறந்தோம். வீட்டுக் காசும் அப்பா அம்மாவின் காசும் ஒரே பேர்ஸில் இருந்தால், ஆறு மாதத்தில் யார் எதற்குச் செலவழித்தது என்று எந்த நேர்மையான ஆளாலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதி கணக்குப் பக்கத்தின் படம் குழுவில் வரும். "அக்கா, கணக்கு என்னத்துக்கு, உங்களை நம்பமாட்டமோ?" என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வது வழக்கம். மூத்தவள் விடமாட்டாள். "நம்பிக்கை இல்லாமல் போடேல்லை. விலை என்னெண்டு உங்களுக்குத் தெரிய வேணும்" என்பாள்.

விலை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டு எங்கள் நாட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் மாதத்துக்கு முன் ஒரு டொலருக்கு இருநூறு ரூபா அளவில் இருந்தது, இரண்டு மூன்று மாதத்தில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. வாக்களித்த தொகை ரூபாவில் இருந்த குடும்பங்களில், வெளிநாட்டுப் பிள்ளைக்கு அனுப்புகிற பாரம் பாதியளவாகக் குறைந்தது, ஊரில் மருந்தும் மாப்பாலும் இருமடங்கானது. டொலரில் வாக்களித்த குடும்பங்களில் வேறு பிரச்சினை, ரூபா கொஞ்சம் ஏறினால் ஊரில் காசு போதாது. இரண்டும் எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் நடந்தது. ஆகவே நாங்கள் தொகையை நிலையாக வைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த மாதக் கணக்கைத் திரும்பப் போட்டு, தேவையைப் பார்த்துப் பங்கை மாற்றுவதென்று ஒப்புக்கொண்டோம். கூட்டத்துக்குத் திகதியும் போட்டுவிட்டோம், ஒருவர் போய் இன்னொருவரிடம் "இன்னும் கொஞ்சம் கூட்டுங்கோ" என்று கேட்க வேண்டியதில்லை.

முடிவு எடுக்கிற அதிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 25,000 ரூபா வரையான செலவை மூத்தவள் யாரையும் கேட்காமல் செய்யலாம். அதற்கு மேலென்றால் நால்வரில் இன்னொருவர் ஒருநாளைக்குள் சரி என்றால் போதும். அவசரத்துக்கு 1990-க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிடுவது பக்கத்தில் இருப்பவரின் முடிவு, எந்த வைத்தியசாலை என்பதும் அப்படியே. பிறகு வெளியில் இருந்து "ஏன் அங்க கொண்டுபோனீங்கள்?" என்று கேட்கக் கூடாது. இது எழுதி வைத்த விதி. அண்ணா இதை ஏற்க ஒரு கூட்டம் பிடித்தது. தூரத்தில் இருக்கிறவருக்குப் பயம் கூட, பயம் கூடினால் கேள்வியும் கூடும்.

இப்போது வீட்டுக் கதை. "வீடு அவளுக்குத்தானே குடுத்தது, அவள் பார்க்கட்டும்" என்ற சொல் எங்கள் சமூகத்தில் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறது! பழைய வழக்கப்படி சீதனம் கொடுத்துக் கட்டிவைத்த பெண் முதுசத்தில் பங்கு கேட்பதில்லை. தாய் தகப்பனும் பெரும்பாலும் கடைசிக் காலத்தில் மகளின் சீதன வீட்டிலேயே இருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரே வளவுக்குள், அடுத்த வளவுக்குள் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். பெரியம்மா வருவா, சின்னம்மா வருவா. இன்றைக்கு அந்த வளவுகள் பூட்டிக் கிடக்கின்றன, எல்லோரும் வெளியில். ஆட்கள் போய்விட்டார்கள், சொல் மட்டும் இருக்கிறது.

நாங்கள் உறுதியை எடுத்துப் பார்த்தோம். வீடு மூத்தவள் பெயரில், அப்பா அம்மா இருவருக்கும் சீவிய உரித்து வைத்து எழுதியிருக்கிறது. அதாவது அவர்கள் இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கிற உரிமை அவர்களுடையது, ஒருவரும் எழுப்ப முடியாது. நல்ல நொத்தாரிசு செய்த வேலை. உங்கள் வீட்டு உறுதியிலும் இது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்ட பெற்றோர் பலர் இருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் அந்தந்தக் காலத்தில் அப்பா செய்திருக்கிறார். அண்ணா வெளிநாடு போனதற்கு ஒரு தோட்டக் காணி விற்றது. கடைசியாளின் படிப்புக்கு அம்மாவின் நகை போனது. இவற்றை இப்போது எடுத்துத் தராசில் வைத்தால் நால்வரும் செத்தாலும் கணக்கு முடியாது. மச்சாள் சொன்ன ஆலோசனைப்படி, முன்பு கொடுத்ததைப் பராமரிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஒரு வரி எழுதி நால்வரும் குழுவில் சம்மதம் போட்டோம். அது சட்டப் பத்திரம் அல்ல. ஆனால் கோபத்தில் ஒருவர் வாயைத் திறக்கும்போது மற்றவர் அந்த வரியைக் காட்டலாம். இரண்டு தடவை காட்டியிருக்கிறோம்.

சட்டம் என்றால், 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோரைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதன்கீழ் உள்ள சபையிடம் பெற்றோர் விண்ணப்பித்து மாதக் கொடுப்பனவு கேட்கலாம். பார்க்க ஒருவரும் இல்லாதவர்களுக்கு அது தேவைதான். எங்கள் மாதிரி வீடுகளில் உள்ள கேள்விக்கு, நாலு மணிக்கு யார் எழும்புவது என்ற கேள்விக்கு, அதில் பதில் தேட முடியாது.

அப்பாவையும் அம்மாவையும் கேட்டீர்களா என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டோம். பெற்றோரைப் பற்றிக் கூட்டம் போடுகிற பிள்ளைகள் பலர் இதைக் கேட்பதில்லை. அம்மா இரண்டு விஷயம் சொன்னார். அப்பாவைக் கழுவித் துடைக்கும்போது மருமகன்மார் அறைக்குள் வரக் கூடாது. தன்னுடைய காப்பை யாரும் அடைவு வைக்கக் கூடாது. அப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு, "பென்சன் காசில எனக்கு மாதம் ஆயிரம் வேணும்" என்றார். எதற்கு என்று கேட்டோம். உதவிக்கு வருகிற அம்மாவின் பேத்திக்குக் கொப்பி, பேனை வாங்கிக் கொடுக்க. இப்போது கணக்கில் அதற்கு ஒரு வரி உண்டு.

முதல் ஆறு மாதம் எப்படிப் போனது? காசுப் பக்கம் ஒழுங்காகப் போனது. நாலாம் மாதம் அப்பாவின் முதுகின் அடியில் சிவப்பு அடையாளம் ஒன்று தெரிந்தது. சாதாரணச் சிவப்பா, புண்ணின் தொடக்கமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். வெளிறி மறுபடி சிவந்தால் பயமில்லை. அழுத்தியும் வெளிறாமல் அப்படியே சிவப்பாக இருந்தால் தோலுக்குக் கீழே பழுது தொடங்கிவிட்டது. அப்பாவுக்கு வெளிறவில்லை. உடனே காற்று மெத்தை ஒன்று 32,000 ரூபாவுக்கு வாங்கினோம். அது அவசர ஒதுக்கில் இருந்து போனது, நடுவிலாள் சரி சொன்னாள், அரை மணித்தியாலத்தில் முடிந்தது. சிவப்பு மூன்று கிழமையில் மாறியது.

ஆனால் அந்தச் சிவப்பு அப்பாவின் முதுகைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. இரவு மூன்று தடவை எழும்பிய மூத்தவளால் ஒரு தடவைதான் எழும்ப முடிகிறது என்று அது சொன்னது. அவள் சொல்லமாட்டாள். "நான் பார்க்கிறன், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று சொல்கிற பிள்ளைதான் விழப்போகிற பிள்ளை. இதை எங்கள் தாதித் தோழி ஒருத்தி, இந்தப் பாடசாலையில் எங்களோடு படித்தவள், எங்களுக்குச் சொன்னாள். பார்க்கிற ஆளிடம் "களைப்போ?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "நேற்று இரவு எத்தனை தரம் எழும்பினீங்கள், என்ன மணிக்கு?" என்று கேட்க வேண்டும். அண்ணா இப்போது ஒவ்வொரு புதனும் அதையே கேட்கிறார்.

ஆறாம் மாதக் கூட்டத்தில் கிழமைக்கு மூன்று இரவு வெளியாள் வைப்பதென்று முடிவானது. மாதம் பதின்மூன்று இரவு, 1,500 படி 19,500. செலவு 131,700 ஆனது. ஓய்வூதியம் போக 93,700. அவசர ஒதுக்கில் ஆறு மாதத்துக்கு 90,000 சேர்ந்து, மெத்தைக்குப் போக 58,000 இருந்தது. 50,000-க்குக் குறையாமல் வைத்திருப்பது எங்கள் விதி. அது இருந்தபடியால் மாத ஒதுக்கை 15,000-இல் இருந்து 5,000 ஆக்கினோம். மொத்தம் 98,700, ஒரு லட்சத்துக்கு ஆயிரம் குறைய என்று வைத்தோம். அண்ணாவும் கடைசியாளும் ஆளுக்கு 44,500, நடுவிலாளுக்கு அதே 10,000. மச்சாளிடம் முன்பு எழுதிக்கொடுத்த எல்லைக்குள்தான் இருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

இரவுக்கு வருகிறவர் முதல் கிழமை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் பிற ஆள் படுப்பதா என்று. மூத்தவள் அந்த மூன்று இரவும் பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துப் படுத்தாள், நித்திரை வந்ததோ என்னவோ. இரண்டாம் மாதம் கதவைச் சாத்தினாள்.

இன்னொரு விஷயம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அம்மா சில நாள் மருந்தை இரண்டு தரம் எடுத்துவிடுகிறார், சில நாள் மறக்கிறார். நாட்களின் பெயர் எழுதிய மருந்துப் பெட்டி வாங்கிக் கொடுத்தோம். ஞாபகம் குறைகிறதா, கண் தெரியாமல் குளிசை மாறுகிறதா என்று வைத்தியர் இன்னும் பார்க்க வேண்டும். அம்மாவின் பெயரில் ஒரு நிலையான வைப்பும் ஒரு சின்னக் காணியும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அம்மா என்ன நினைக்கிறார் என்று அவர் தெளிவாக இருக்கும்போதே, நால்வரும் இருக்கும் கூட்டத்தில், அவருடைய வாயாலேயே கேட்பதென்று இருக்கிறோம். பிந்தினால், ஒப்பம் எங்கே வைப்பது என்று தெரியாத தாயின் கையைப் பிடித்து ஒப்பம் வாங்கிய வீடுகளின் கதையாகிவிடும். அந்தக் கதைகள் நீதிமன்றத்தில்தான் முடிகின்றன.

அடுத்த கூட்டம் தை மாதம் மூன்றாம் ஞாயிறு, அண்ணா இங்கே நிற்கும்போது. பட்டியலில் மூன்று விஷயம் இருக்கிறது. அம்மாவின் இடது கண்ணுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை, அதற்குப் பிறகு ஒரு கிழமை அவர் சமையல் பக்கம் போகாமல் யார் பார்ப்பது. பம்பர்ஸ் விலை. மூத்தவள் ஓய்வு பெறும் மாதத்தில் இருந்து பகல் உதவியம்மாவை நிறுத்துவதா என்பது மூன்றாவது. அதற்கு இல்லை என்று நாங்கள் மூவரும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம், அண்ணாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.